கிரய ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா மாறியிருந்தால் பில்டருக்கு எழுதுவது எப்படி?

துபாயில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்க முன்பணம் கட்டியிருந்தார். பில்டர் அனுப்பிய கிரய ஒப்பந்த வரைவை ஊரில் இருந்த அவருடைய தகப்பனார் வரிவரியாகப் படித்தார். விலை பற்றிய பத்தியில் கார்பெட் ஏரியா 742 சதுர அடி என்று இருந்தது. கடைசியில் வரும் சொத்து விவரத்திலோ 706 என்று இருந்தது. போன் செய்து கேட்டபோது, "டைப்பிங் மிஸ்டேக் பாய், கிரயப் பத்திரம் போடும்போது சரிபண்ணிடலாம்" என்றார் விற்பனைப் பிரிவு ஊழியர்.

இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. கட்டடம் முடிந்த பிறகு பில்டர் இறுதி அளவை உறுதி செய்ய வேண்டும், குறைந்திருந்தால் அதற்கான பணத்தை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்பது ரெரா மாதிரி ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்து. எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்று சொல்வார்கள்? ஒப்பந்தத்தில் உள்ள அளவோடுதான். அங்கே 706 என்று நின்றுவிட்டால், 36 சதுர அடி குறைவாகக் கட்டித் தந்தாலும் "ஒப்பந்தப்படிதானே இருக்கிறது" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். சதுர அடி 7,000 ரூபாய் என்ற கணக்கில் அது 2,52,000 ரூபாய்.

எழுதுவதற்கு முன் எந்த எண் சரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் (rera.tn.gov.in) அந்தத் திட்டத்தின் பதிவு விவரங்களைப் பார்க்கலாம். அளவு சதுர மீட்டரில் இருந்தால் 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி வரும். இவருடைய வீட்டுக்கு 68.93 சதுர மீட்டர் என்று இருந்தது, அதாவது 742 சதுர அடி. அப்படியானால் 706 எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் உள்ள அறைகளின் நீள அகலத்தைப் பெருக்கிக் கூட்டியபோது சரியாக 706 வந்தது. அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர்களின் இடத்தை யாரோ விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 2(k) பிரிவுப்படி, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் கார்பெட் ஏரியாவில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது. பெரும்பாலும் தவறு மறுபக்கம்தான் நடக்கும்: பால்கனியையும் சேர்த்துக் கூடுதலாகக் காட்டுவார்கள். அப்படி இருந்தால் அளவைத் திருத்தச் சொன்னால் மட்டும் போதாது, விலையையும் கேட்க வேண்டும்.

கடிதத்தில் மோசடி, ஏமாற்று போன்ற சொற்கள் வேண்டாம். எந்தப் பக்கம், என்ன எண், எது சரி, என்ன ஆதாரம், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பவை போதும். இவர்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"தங்கள் திட்டத்தில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீட்டின் கிரய ஒப்பந்த வரைவில், பக்கம் 4இல் கார்பெட் ஏரியா 742 சதுர அடி என்றும், பக்கம் 19இல் உள்ள சொத்து விவரத்தில் 706 சதுர அடி என்றும் உள்ளது. ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் ரெரா பதிவிலும் 742 சதுர அடியே (68.93 சதுர மீட்டர்) உள்ளது. 706 என்பது உள் தடுப்புச் சுவர்களைச் சேர்க்காத கணக்கு என்று தெரிகிறது. எல்லா இடத்திலும் 742 என்று திருத்தி, பால்கனி அளவைத் தனியாகக் குறிப்பிட்டு, புதிய வரைவை 10 நாட்களுக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அதன் பிறகு கையெழுத்திட்டுப் பதிவு செய்யத் தயாராக இருக்கிறோம்."

ஒதுக்கீட்டுக் கடிதம், ரெரா பக்கத்தின் பிரதி, ஒப்பந்தத்தின் அந்த இரண்டு பக்கங்கள் ஆகியவற்றை இணையுங்கள். மின்னஞ்சலில் அனுப்புவதோடு, கிடைத்ததற்கு அத்தாட்சி வரும்படி தபாலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "ஓகே சார்" பதிலாகாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. ஆகவே, திருத்தம் வரும்வரை அடுத்த தவணைக்காக அவசரப்படுத்தினால் அதையே பதிலாகச் சொல்லலாம்.

ஒப்பந்தம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றால் கடிதத்தில் கேட்க வேண்டியது புதிய வரைவை அல்ல, பிழைத்திருத்தல் பத்திரத்தை. இரு தரப்பும் கையெழுத்திட்டு, முதலில் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே அதையும் பதிவு செய்ய வேண்டும். இந்த நிலையில் தவணையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தாமத வட்டி உங்கள் தலையில் விழும். பில்டர் மறுத்தாலோ பதிலே தராவிட்டாலோ, சட்டத்தின் 31ஆம் பிரிவின் கீழ் ரெராவில் புகார் செய்யலாம். அப்போது தேதியுடன் கூடிய இந்தக் கடிதம்தான் முதல் ஆதாரம்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வாரத்தில் திருத்திய வரைவு வந்தது. சொத்து விவரத்தில் 742 என்று மாற்றியிருந்தார்கள். ஆனால் பின்னால் இணைத்த வரைபடத்தின் அடியில் பழைய 706 அப்படியே இருந்தது. அவர் இரண்டாவது முறையும் எழுதினார்.