பசைத் தேர்வு: மலையூர் அலங்காரங்கள்

நீலகிரியின் இத்தலார் போன்ற குளிர்ந்த ஊர்களில் கார்த்திகை அலங்காரத்துக்குப் பசை வாங்கும்போது குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். காகிதத்துக்குக் கோந்தை மெல்லியதாகப் பூசினால் போதும். மிகுந்தால் தாள் சுருங்கும். துணிக்கு, காய்ந்தபின்னும் வளைந்து கொடுக்கும் துணிப்பசையே ஏற்றது. மரத்துக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை உறுதியானது. ஆனால் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் அது சரியாகப் படலமாகாமல் சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரக்கூடும். ஆகவே பகலில், அறைக்குள் ஒட்டி, ஓரிரவு இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும்.

அகல் விளக்கில் கண்ணாடிச் சில்லு பதிக்கப் பலரும் எடுப்பது சூட்டுப்பசைத் துப்பாக்கி. சில்லிட்ட மண்ணில் அந்தப் பசை பரவுமுன்பே உறைந்துவிடும். நகத்தால் நெம்பினால் தோலாகப் பெயரும். அகலை வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். சுடர்ச் சூட்டில் இப்பசை இளகும் என்பதால் திரி எரியும் விளிம்பில் இதைப் பயன்படுத்தவே கூடாது.