செப்டம்பர் இருப்பு: காவிரிப் படுகை அரிசி ஆலைகளின் நடைமுறை மூலதனச் சுழற்சியை வாசித்தல்

மன்னார்குடி வட்டாரத்தில் ஓர் அரிசி ஆலையின் ஐந்தொகை எழுதப்படும் மார்ச் 31, சம்பாவும் தாளடியும் அறுவடையாகி ஓயும் வேளையில் வருகிறது. ஆண்டில் வேறெந்த நாளிலும் அந்த ஆலையின் கிடங்கில் அவ்வளவு நெல் இருப்பதில்லை. நெல் வாங்கிப் போட்ட பணம் வங்கிக் கடனாகவும் அதே நாளில் உச்சத்தில் நிற்கும். வணிகவியல் பாடநூல் சொல்லும் விகிதங்களை இந்த ஐந்தொகையில் இட்டுப் பார்ப்பவருக்கு, நல்ல ஆலை நோயாளியாகத் தெரியலாம். அதைவிட மோசமாக, நோயாளி தேறிவருவதாகவும் தெரியலாம். இந்த இரண்டாவது பிழைதான் இக்கட்டுரையின் பொருள். படுகை ஆலையின் உடல்நிலையைச் சொல்வது சுழற்சியின் மொத்த நாள் எண்ணிக்கையன்று. அந்த நாள்கள் எந்தக் கூறில் நிற்கின்றன என்பதும், செப்டம்பரில் கிடங்கு எவ்வளவு காலியாகிறது என்பதுமே என்று இங்கு வாதிடப்படுகிறது.

முதலில் கணக்கு முறை. சரக்கிருப்பை விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் இருப்பு நாள்கள். வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியை விற்பனையால் வகுத்து அவ்வாறே பெருக்கினால் வசூல் நாள்கள். நெல் தந்தவருக்கு ஆலை தர வேண்டிய பாக்கியை அடக்க விலையால் வகுத்து அவ்வாறே பெருக்கினால் பட்டுவாடா நாள்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், கையை விட்டுப் போன பணம் மீண்டும் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். அதுவே நடைமுறை மூலதனச் சுழற்சி.

சொந்தக் கொள்முதலில் புழுங்கல் அரிசி அரைத்து வெளியூர் மண்டிகளுக்கு அனுப்பும் ஓர் ஆலையைக் கற்பித்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 19.2 கோடி ரூபாய், அடக்க விலை 18 கோடி. மார்ச் இறுதியில் நெல்லும் அரிசியுமாக இருப்பு 6 கோடி. மண்டிகளிடமிருந்து வர வேண்டியது 1.6 கோடி, நெல் தரகர்களுக்குத் தர வேண்டியது 75 லட்சம். இருப்பு நாள்கள் 122, வசூல் நாள்கள் 30, பட்டுவாடா நாள்கள் 15; சுழற்சி 137 நாள். ஊர் அறியாத ஒரு கடன் அதிகாரி இந்த 122ஐச் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் அதே ஆலையின் இருப்பு ஜூன் இறுதியில் 3.5 கோடியாகவும், செப்டம்பரில் 1 கோடியாகவும், டிசம்பரில் 1.5 கோடியாகவும் இருந்தால், நான்கு காலாண்டுகளின் சராசரி 3 கோடிதான். இருப்பு நாள்கள் 61 என்று பாதியாகிவிடும். ஆலை மாறவில்லை, பார்த்த நாள்தான் மாறியது. மார்ச்சில் கிடங்கு நிறைவது இங்கே கோளாறும் அன்று. புது அரிசி குழையும் என்று ஒதுக்கும் வீடுகள் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை தருகின்றன. நெல்லைச் சில மாதம் வைத்திருப்பது அந்த விலைக்கான முதலீடு.

இப்போது அடுத்த ஆண்டு. விற்பனையும் அடக்க விலையும் மாறவில்லை என்று கொள்வோம். மார்ச் இருப்பு 5.4 கோடிக்கு இறங்குகிறது. வசூல் பாக்கி 3.2 கோடிக்கு ஏறுகிறது. தரகர்களுக்குத் தர வேண்டியது 1.5 கோடியாகிறது. இருப்பு நாள்கள் 110, வசூல் நாள்கள் 61, பட்டுவாடா நாள்கள் 30. சுழற்சி 141 நாள். முந்தைய ஆண்டைவிட நான்கே நாள் கூடுதல். கூடுதலாகத் தேவைப்பட்ட பணமும் 25 லட்சம்தான். இருப்பு நாள்கள் பன்னிரண்டு குறைந்திருப்பதை ஆலையின் தணிக்கைக் குறிப்பு முன்னேற்றமாகவே எழுதும்.

நடந்தது வேறு. விற்காத அரிசி கடனுக்குத் தள்ளப்பட்டு மண்டிக்குப் போயிருக்கிறது. கிடங்கில் இருந்தவரை அது நெல். இந்த வட்டாரத்தில் நெல்லுக்கு வாங்குபவர் எந்நாளும் உண்டு. மண்டிக்குப் போனபின் அது ஒருவருடைய வாக்கு. சுழற்சி என்ற மொத்த எண் இந்த இரண்டையும் ஒரே எடையில் கூட்டிவிடுகிறது. வங்கிகள் அப்படிக் கூட்டுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடன் எடுக்கும் வரம்பைக் கணக்கிடும்போது பாக்கிக்குச் சரக்கைவிடக் கூடுதலாக விளிம்புத் தொகை பிடிப்பதும், பெரும்பாலும் 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதும் வழக்கம்.

அறுபத்தொரு நாள் என்பதைச் சட்டமும் ஒப்புவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி. ஆனால் மண்டிக்காரர் மீது மனுப் போட்டுவிட்டு அடுத்த லோடை யாரிடம் இறக்குவது என்ற கேள்வி ஆலைக்காரருக்கு உண்டு. எனவே வசூல் நாள்கள் 45ஐத் தாண்டி நிற்பதை, சட்டம் தெரியாமை என்று எடுக்காமல் பேரம் பேசும் வலு இழந்ததன் அடையாளமாக எடுப்பதே பொருந்தும்.

அந்தப் பாக்கி மெய்யான விற்பனையில் வந்ததா என்பது அடுத்த கேள்வி. பிற தொழில்களில் ஜிஎஸ்டி பதிவுகள் இதற்குக் கை கொடுக்கும். அரிசியில் அவ்வளவாகக் கொடுக்காது. 25 கிலோ வரையிலான, அடையாளமிட்டுக் கட்டிய பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி வந்தது. உடனே 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்தது. வரி விலக்குள்ள விற்பனை மாத விவரப் படிவத்தில் மொத்தத் தொகையாக மட்டுமே காட்டப்படுகிறது. வாங்கியவர் உள்ளீட்டு வரி கோருவதில்லை என்பதால் பட்டியலுக்குப் பட்டியல் ஒத்துப் பார்க்க எதிர்ப்பக்கம் இல்லை.

இங்கே தவிடு உதவுகிறது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தைந்து கிலோவுக்குச் சற்று மேலே அரிசியும், இருபது கிலோ அளவில் உமியும், ஐந்து முதல் எட்டு கிலோ தவிடும் கிடைக்கும். உமியை ஆலையே கொதிகலனில் எரித்துக்கொள்ளும். தவிட்டை வைத்திருக்க முடியாது. அரைத்ததும் அதிலுள்ள எண்ணெய் சிதையத் தொடங்கி, கொழுப்பு அமிலம் ஏறி, சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் ஆலை விலையைக் குறைக்கும் அல்லது லாரியைத் திருப்பி அனுப்பும். ஆகவே தவிடு அரைத்த சில நாளிலேயே வெளியேறுகிறது. அதன் எடைச் சீட்டும் பட்டியலும் பெரும்பாலும் ஊரைத் தாண்டிய எண்ணெய் ஆலையின் ஏட்டிலும் பதிவாகின்றன. ஆலையின் அரிசி விற்பனை சென்ற ஆண்டளவே நிற்க, தவிட்டு விற்பனையின் எடை நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அந்த அரிசியில் ஒரு பகுதி இந்த ஆலையில் அரைபடவில்லை. வெளியில் வாங்கிக் கைமாற்றியிருக்கலாம். அல்லது பட்டியல் மட்டும் எழுதியிருக்கலாம். மின்வாரியக் கட்டணச் சீட்டும் இதே கேள்விக்கு உதவும். ஆனால் ஊறல் தொட்டி, உலர்த்தி, சார்டெக்ஸ் என்று இயந்திரங்கள் மாறும்போது அலகுக் கணக்கும் மாறிவிடும். தவிட்டு விகிதம் அவ்வளவு மாறாது.

இருப்பிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கும். பல வேளைகளில் அது வேண்டுமென்றே சொன்னதும் அன்று. 17 விழுக்காடு ஈரத்தில் வாங்கிய நூறு கிலோ நெல், 14 விழுக்காட்டுக்கு உலர்ந்தால் 96.5 கிலோதான் நிற்கும். ஏட்டில் வாங்கிய எடையே நின்றால், 6 கோடி இருப்பில் 21 லட்சம் ரூபாய் காற்றோடு போன நீர். மார்ச்சில் அட்டியை எண்ணுபவருக்கு இது தெரியாது; கிடங்கு காலியாகும்போதுதான் தெரியும்.

இதனால்தான் செப்டம்பர் 30ஆம் நாளின் இருப்பை நான் முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். மேட்டூர் ஜூன் 12இல் திறந்த ஆண்டில், குறுவை நெல் வரத் தொடங்கும் தருணம் அது. சம்பா நெல் அதற்குள் பணமாகியிருக்க வேண்டும். நம் ஆலையில் முதல் ஆண்டு செப்டம்பர் இருப்பு 1 கோடி, அதாவது இருபது நாள் சரக்கு. இரண்டாம் ஆண்டில் அது 2.2 கோடி என்று வைத்துக்கொண்டால் 45 நாள் ஆகிறது. மார்ச் 31இல் குறைந்து காட்டிய அதே இருப்பு, செப்டம்பரில் இரட்டிப்புக்கு மேல் நிற்கிறது. அட்டியின் அடிவரிசையை இழுத்துப் பார்த்தால் காரணம் வெளிப்படும். மழையில் நனைந்து சூடேறிப் பழுத்த நெல், அரைத்தால் மங்கலும் கறுப்புமாக விழும் அரிசி, வண்டு துளைத்த மூட்டை. இவற்றுக்குப் பழைய அரிசி விலை கிடைக்காது. ஏட்டிலோ வாங்கிய விலையிலேயே நிற்கும்.

கடன் வரம்பை நிர்ணயிக்கும் முறையும் இந்தப் பருவத்தைக் கண்டுகொள்வதில்லை. 1992இல் அறிக்கை தந்த நாயக் குழுவின் வழிமுறைப்படி, சிறுதொழிலுக்கு ஆண்டு விற்பனையில் 20 விழுக்காடு நடைமுறை மூலதனக் கடன். பணம் ஆண்டுக்கு நான்கு முறை சுற்றும் என்பது அதன் அனுமானம். நம் ஆலைக்கு அது 3.84 கோடி. மார்ச்சில் தேவை 6.85 கோடி, செப்டம்பரில் 2 கோடியை ஒட்டித்தான் இருக்கும். மார்ச்சில் போதாமல் வெளியில் வட்டிக்கு வாங்கும் ஆலை, செப்டம்பரில் வரம்பை முழுதும் பயன்படுத்தத் தேவையில்லாமல் இருக்கும். அப்போதும் கணக்கு வரம்பைத் தொட்டபடி நின்றால், பணம் நெல்லில் இல்லை, மனையிலோ புதுக் கல்யாண மண்டபத்திலோ இருக்கிறது என்று ஐயுறுவதில் தவறில்லை.

பட்டுவாடா நாள்களைத் தனியே பேச வேண்டும். வாய்பாட்டின் உள்முரண் அங்கேதான் இருக்கிறது. கழிக்கப்படும் எண் அது என்பதால், கொடுக்க வேண்டியதைக் கொடாதிருந்தால் சுழற்சி சுருங்கி ஆலை நலமாகத் தெரியும். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் திருஆரூரான் சர்க்கரை ஆலையின் வரலாறு இதற்கு நெருங்கிய எச்சரிக்கை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பதினான்கு நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. சர்க்கரையோ ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக விற்பது. இந்த இடைவெளியை அங்கே கரும்பு விவசாயிகளின் நிலுவை நிரப்பியது. ஆலை திவால் நடவடிக்கை வழியே கைமாறிய பிறகும், நிலுவை கேட்டும் தங்கள் பெயரில் ஆலை வாங்கியதாக அவர்கள் சொல்லும் வங்கிக் கடன்களைத் தீர்க்கக் கேட்டும் 2022 நவம்பர் முதல் ஆலை வாசலில் தொடர் போராட்டம் நடந்தது. விவசாயி பெயரில் கடன் வாங்கிக் கரும்புப் பாக்கி அடைபட்டால், ஏட்டில் பாக்கியே இராது. பட்டுவாடா நாள்கள் ஒழுங்காகத் தெரியும். எந்த விகிதமும் அதைப் பிடிக்காது.

நெல்லில் நிலைமை வேறு. கரும்புக்கு அந்த ஆலைதான் கதி. நெல்லுக்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் உண்டு. 2025-26 பருவத்தில் அங்கே சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. எனவே தனியார் ஆலைக்கு நெல் தருபவர் கைமேல் பணம் எதிர்பார்ப்பார். அந்தச் சூழலிலும் பட்டுவாடா 15 நாளிலிருந்து 30 நாளானால், ஆலை கடன் வாங்கும் இடம் தரகர் வரை வந்துவிட்டது. சர்க்கரையில் முப்பது நாள் நிலுவை அன்றாடச் செய்தி. நெல்லில் அது தாமதிக்காமல் விசாரிக்க வேண்டிய செய்தி.

இந்த வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. வட்டாரத்தின் பல ஆலைகள் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அரவை முகவர்கள். அவர்கள் கிடங்கில் இருப்பது கழகத்தின் நெல். அது அவர்களின் ஐந்தொகையில் வரவே கூடாது. வந்திருந்தால் அதுவே முதல் கேள்வி. அவர்களுக்கு இருப்பு நாள்கள் பொருளற்றவை. வசூல் நாள்கள் கழகம் அரவைக் கூலி தரும் வேகத்தையே காட்டும். அங்கே எண்ண வேண்டியது, நெல்லை எடுத்த நாளுக்கும் நூறு கிலோவுக்கு 68 கிலோ என்ற விகிதத்தில் புழுங்கல் அரிசியைத் திருப்பி ஒப்படைத்த நாளுக்கும் இடைப்பட்ட நாள்களை. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனால், கழகத்தின் நெல் வேறெங்கோ அரிசியாகி விற்றுக்கொண்டிருக்கிறதா என்று கிடங்கிலேயே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.