கனடாவில் இருந்து வந்த தொங்கு விளக்கை எங்கள் வீட்டில் மாட்டுவது எப்படி?

வெளிநாட்டில் இருந்து வரும் பெட்டிகளில் இப்போது அலங்கார விளக்குகளும் வருகின்றன. பெரியமடுவில் பெரியம்மாவின் வீட்டுக்கு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அனுப்பியது கறுப்பு இரும்புத் தகட்டில் செய்த, கவிழ்த்த சட்டி போன்ற ஒரு தொங்கு விளக்கு. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிடுவதற்கானது. அங்கே அதை மாட்ட அரை மணித்தியாலம் போதும். இங்கே அப்படியே மாட்டினால் பல்ப் வெடிக்கலாம், அதைவிட மோசமாக ஆளுக்குக் கரண்ட் அடிக்கலாம். இதே போன்ற பெட்டி வேறு பல வீடுகளிலும் திறக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்ததால், அந்த ஒரு விளக்கை மாட்டிய விபரத்தை முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் பல்ப். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், எங்களுடையது 230 வோல்ற். பெட்டியோடு வந்த எல்.ஈ.டி. பல்பின் கழுத்தில் பொடி எழுத்தில் வோல்ற் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 120 என்று மட்டும் இருந்தால் அதை இங்கே போடவே கூடாது. 100 முதல் 240 வரை என்று இருந்தால் போடலாம். பெரியம்மாவுக்கு வந்தது 120 மட்டும். "புதுசு பிள்ளை, எறியவே சொல்லுறாய்?" என்று கேட்டா. பொருத்தினால் ஒரு நொடியில் எரிந்துவிடும் என்று சொன்னபிறகுதான் மனமில்லாமல் எடுத்து வைத்தா. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு, துளித்துளியாக எண்ணெய் விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு ஒரு புது பல்பை வீணாக்குவது இலகுவல்ல.

அடுத்தது பல்பின் அடிப்பகுதி. எங்கள் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். இரண்டு முள் உள்ள, அழுத்தித் திருப்பிப் பூட்டும் வகை பி22. சுரை உள்ள, சுற்றிப் பூட்டும் வகை இ27. கனடா ஹோல்டர் இ26, அதாவது 26 மில்லிமீற்றர் சுரை. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் என்பதால் எங்கள் இ27 பல்ப் பெரும்பாலும் அதில் ஏறிவிடும். ஆனால் ஹோல்டரும் 230 வோல்ற்றைத் தாங்க வேண்டும். 250 வோல்ற் என்று அதன் உடலில் பொறித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், எதுவுமே பொறிக்காவிட்டால் மாற்றுவது நல்லது. இந்த விளக்கில் ஒன்றும் பொறித்திருக்கவில்லை. முள் வகை ஹோல்டருக்கு மாற்றலாமா என்றும் பார்த்தோம். சட்டியின் மேல் துளை பெரிது, அந்தச் சிறிய ஹோல்டர் அதற்குள்ளால் நழுவிவிடும். ஆகவே உலோக உடலும் எர்த் திருகும் உள்ள இ27 ஹோல்டர் ஒன்று வாங்கினோம்.

வெளிச்சத்துக்கு 9 வாற்ஸ் எல்.ஈ.டி. எடுத்தோம். அது பழைய 60 வாற்ஸ் குண்டு பல்ப் தந்த வெளிச்சத்தைத் தரும், ஏறக்குறைய 800 லுமென். மூன்று அடி மேசைக்கு அது தாராளம். நிறத்தில் மஞ்சள் சாயல் உள்ளதை, பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருப்பதை எடுக்கவும். சாப்பாட்டு மேசைக்கு அது கண்ணை உறுத்தாது என்பது ஒரு காரணம். வெள்ளை நீலச் சாயலைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும் என்பது இன்னொன்று. ஓட்டு வீட்டில், மழைக்கு ஈசல் கிளம்பும் இரவில், சோற்றுக்கு மேலே விளக்குத் தொங்கும்போது இரண்டாவது காரணம்தான் பெரிது.

இனி உயரம். 2012 ஒக்ரோபரில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுத்து, ஏறத்தாழ 550 சதுர அடியில் வீடுகள் கட்டப்பட்டன. அப்படியான வீடுகள் பலவற்றில் சீலிங் இல்லை, நிமிர்ந்து பார்த்தால் ஓடோ சீற்றோதான். பெரியம்மாவின் வீடும் அதே அமைப்புத்தான். கனடா விளக்கின் கையேடு எட்டு அடி உயரத் தட்டைச் சீலிங்கை நினைத்து எழுதப்பட்டது. எங்களுக்கு விளக்கு தொங்கவேண்டிய இடம் நடுத் தீராந்தி. அதன் அடிப்பக்கம் நிலத்தில் இருந்து பத்தரை அடி, அதாவது 126 அங்குலம்.

எவ்வளவு கீழே இறக்குவது என்பதை மேலே இருந்து கணக்கிட வேண்டாம், மேசையில் இருந்து கணக்கிடுங்கள். மேசைப் பலகைக்கும் விளக்கின் கீழ் விளிம்புக்கும் இடையே 30 அங்குலம் விடவேண்டும். அதற்குக் குறைந்தால் எதிரே இருப்பவரின் முகம் மறைக்கும். மிகவும் கூடினால் பல்ப் நேரே கண்ணில் குத்தும். பெரியம்மாவின் மேசை உயரம் 30 அங்குலம். ஆகவே விளிம்பு நிலத்தில் இருந்து 60 அங்குலத்தில் நிற்கவேண்டும். 126இல் 60 போனால் 66. தீராந்தியில் இருந்து விளிம்பு வரை மொத்த இறக்கம் அதுதான். அதில் சட்டியும் ஹோல்டரும் சேர்ந்து 10 அங்குலம். மிச்சம் 56 அங்குலம் வயர் வெளியே தெரியும்.

விளக்கோடு வந்த வயர் 48 அங்குலம்தான். "ஒரு துண்டு ஒட்டி ரேப் சுத்தினால் சரி" என்று பக்கத்து வீட்டில் இருந்து ஆலோசனை வந்தது. தொங்கும் வயரில் நடுவில் ஒட்டுப் போடக்கூடாது. விளக்கின் பாரம் முழுவதும் அந்த ஒட்டில் இழுபடும், காலப்போக்கில் உள்ளே தளர்ந்து சூடாகும், ரேப் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. முழு வயரையும் மாற்றுவதுதான் வழி.

வயரை மாற்றச் சொல்வதற்கு நீளத்தைவிட முக்கியமான காரணம் நிறம். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். வட அமெரிக்காவில் கறுப்பு வயர்தான் கரண்ட் வரும் வயர், வெள்ளை நியூற்றல். எங்கள் பழைய வயரிங்கில் சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பு நியூற்றல். விளக்கில் இருந்து வரும் கறுப்பை வீட்டுக் கறுப்போடு சேர்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் சேர்த்தாலும் விளக்கு ஒழுங்காக எரியும், அதனால் பிழை பிடிபடாது. ஆனால் சுரை ஹோல்டரில் கரண்ட் அடியில் உள்ள நடுத் தகட்டுக்கு வரவேண்டும், சுரைக்கு நியூற்றல் வரவேண்டும். மாறிக் கொடுத்தால் ஆளி போட்டிருக்கும் நேரமெல்லாம் சுரை முழுவதும் கரண்டில் இருக்கும். ஆளியை அணைக்க மறந்து ஒருவர் பல்ப் கழற்றும்போது விரல் படும் இடம் அதுதான்.

ஆகவே மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் என்று மூன்று இழை உள்ள 0.75 சதுர மில்லிமீற்றர் வளையும் வயர் ஆறு அடி வாங்கினோம். மண்ணிறத்துக்குச் சிவப்பு, நீலத்துக்குக் கறுப்பு, பச்சை மஞ்சளுக்கு எர்த். அந்தத் தடிப்பு வயர் 3 கிலோ வரை தாங்கும். இந்த விளக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. மூன்று கிலோவைத் தாண்டும் கண்ணாடி விளக்கென்றால் பாரத்தை வயரில் விடாமல் சங்கிலியில் தொங்கவிட வேண்டும்.

எங்களுக்கு ஒரு நாள் இழுத்தது எர்த்தில். லைற் பொயின்ருக்கு இரண்டு வயர்தான் வந்திருந்தது, எர்த் இல்லை. பிளாஸ்ரிக் ஹோல்டரில் தொங்கும் பல்புக்கு அது பரவாயில்லை, இரும்புச் சட்டிக்குப் போதாது. "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. எர்த் இருந்தால், சட்டியில் கரண்ட் ஒழுகிய உடனே அது எர்த் வழியே போக, ட்ரிப் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அந்தக் கரண்டுக்குப் போக வழி இல்லை. தொட்ட ஆளின் உடம்பு வழியே போனபிறகுதான் ட்ரிப் விழும். வயரிங் செய்யும் அண்ணா ஆளிக்குக் கீழே இருந்த பிளக் பொயின்ரில் இருந்து பச்சை வயர் ஒன்றைக் குழாய் வழியே தீராந்தி வரை இழுத்துத் தந்தார். அந்த வேலையை அனுமதி உள்ள வயரிங்காரரிடமே விடுங்கள்.

மாட்டிய ஒழுங்கு இது. முதல் நாள் மாலை தீராந்தியை ஸ்குரூ டிரைவரால் பல இடத்தில் குத்திப் பார்த்தோம். கறையான் தின்ற மரமென்றால் முனை இலகுவாக இறங்கும். நல்ல இடத்தில் கொழுக்கித் திருகை ஏற்றி, பத்து லீற்றர் தண்ணீர் கானை இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். விடிய அசையாமல் இருந்தது. ஓடு தாங்கும் சலாகையிலோ சீற்றிலோ தொங்கவிட நினைக்க வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் துளை போட்டால் அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

மறுநாள் ஆளியை மட்டும் அல்ல, மெயின் சுவிட்சையே அணைத்து, பொயின்ரில் ரெஸ்ரர் வைத்துப் பார்த்தபின் வேலை தொடங்கியது. புதிய வயரின் ஒரு முனையை முதலில் சீலிங் றோஸின் மூடிக்குள்ளால் கோர்த்துவிட வேண்டும். இதை மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற நேரும். பிறகு மறுமுனையைச் சட்டிக்கு மேலே வரும் ஹோல்டர் மூடிக்குள்ளால் கொண்டுவந்து, மண்ணிறத்தை நடுத் தகட்டின் திருகிலும், நீலத்தைச் சுரையின் திருகிலும், பச்சை மஞ்சளை உலோக உடலின் எர்த் திருகிலும் இறுக்கினோம். வயரின் வெளித்தோலை ஹோல்டரின் பிடியில் இறுக்கவேண்டும். பாரம் அந்தப் பிடியில் நிற்கவேண்டும், செப்பு இழைகளில் அல்ல. அதன்பின் சட்டியை ஹோல்டர் வளையத்தால் பூட்டினோம். மேலே றோஸிலும் அதே போல், மூன்று வயரையும் சேர்க்கும் முன் தோலைப் பிடியில் இறுக்கி, மேசையில் இருந்து 30 அங்குலத்தை அளந்து பார்த்து, கூடுதல் வயரை வெட்டினோம். உள்ளே போகும் பகுதியோடு 65 அங்குலம் வந்தது.

மெயினைப் போட்டதும் முதல் வேலை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்துவது. விழவில்லை என்றால் விளக்கைப் போடாமல் அதைப் பார்க்கவேண்டும். அடுத்தது ஆளியை அணைத்து, இருட்டில் பல்பைக் கவனிப்பது. அணைத்த பிறகும் மின்மினி போல மங்கலாக எரிந்தால், ஆளி நியூற்றல் வயரில் பூட்டப்பட்டிருக்கக் கூடும். அப்படியென்றால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். ஆளியில் சின்னச் சிவப்பு லைற் இருந்தாலும் பல்ப் இப்படி மங்கலாக எரியும், ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. திவசத்துக்கோ விசேஷத்துக்கோ மேசையை வெளியே எடுத்து, பாய் விரிக்கும் வீடு அது. ஐந்து அடியில் தொங்கும் இரும்புச் சட்டியில் வருபவர்களின் நெற்றி படும். ஆட்கள் நடக்கும் இடத்தில் விளிம்பு ஏழு அடிக்குக் கீழே நிற்கக்கூடாது. அதற்காகத் தீராந்தியில் ஒரு அடி தள்ளி இரண்டாவது கொழுக்கி ஒன்று போட்டு, சட்டியின் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி கட்டிவிட்டோம். மேசை போகும் நாளில் லைற்றை அணைத்து, சங்கிலியில் பிடித்து உயர்த்திக் கொழுக்கியில் மாட்டினால் பாரம் சங்கிலிக்குப் போகும், வயர் தளர்ந்து வளையமாக நிற்கும். பெரியம்மாவுக்கு எட்டாது, கதிரையில் ஏறி யாராவது மாட்டிவிட வேண்டும்.