ஸ்கூபா முக்குளிப்பு: மேலேறும்போது மூச்சை ஏன் அடக்கக் கூடாது?

ஸ்கூபா முக்குளிப்போர் பயிற்சியில் முதலில் கற்கும் விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்காமல் தொடர்ந்து சுவாசிக்க வேண்டும் என்பதே. நீர்மட்டத்தை நோக்கி மேலேறும்போது இவ்விதியை மீறினால், சில நொடிகளிலேயே நுரையீரல் கிழிந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

பாயில் விதி கூறுவது என்ன?

வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட அளவு வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இராபர்ட் பாயில் 1662-இல் இவ்விதியை வெளியிட்டார். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் வாயுவின் பருமன் இருமடங்காகும்.

நீர்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் செயற்படுகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4 வளிமண்டல அழுத்தம் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார் எனக் கொள்வோம். அவரது நுரையீரலின் முழுக் கொள்ளளவு 6 லிட்டர். முகக்கவசத்தில் நீர் புகுந்ததால் பதற்றமடைந்து, மூச்சை முழுமையாக இழுத்து அடக்கிக்கொண்டு மேலேறுகிறார். ரெகுலேட்டர் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றை வழங்குவதால், அவர் இழுத்த 6 லிட்டர் காற்று 2 வளிமண்டல அழுத்தத்தில் உள்ளது.

5 மீட்டரை எட்டும்போது அக்காற்றுக்கு 8 லிட்டர் இடம் தேவைப்படும். நீர்மட்டத்தில் 12 லிட்டர் தேவைப்படும். நுரையீரலோ 6 லிட்டருக்கு மேல் அதிகம் விரிய இயலாது. அடைபட்ட காற்றின் அழுத்தம் உயர்ந்து, நுண்ணிய காற்றறைகளைக் கிழிக்கிறது. முழுமையாக நிரம்பிய நுரையீரலுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் ஏற்றமே இத்தகைய சேதத்தை விளைவிக்கப் போதுமானது. எனவே நீச்சல்குளத்தில் பயிற்சி பெறுவோருக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என எண்ணுவது தவறு. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்கே கூடுதலாக விரிகிறது. கடைசி 10 மீட்டரிலோ அது இருமடங்காகிறது.

முத்துக்குளிப்போர் மூச்சடக்குகிறார்களே?

மன்னார் வளைகுடாவில் மரபுமுறையில் முத்துக்குளித்தோர் நீர்மட்டத்திலேயே மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினர். அக்காற்று ஆழத்தில் சுருங்கி, மேலேறும்போது தன் பழைய பருமனையே அடையும். அதற்கு மேல் விரியாது. ஸ்கூபா முக்குளிப்போர் ஆழத்திலேயே அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிப்பதால்தான் இந்த ஆபத்து எழுகிறது.

உடலில் நிகழ்வது என்ன?

நுரையீரல் அளவுக்கு மீறி விரிவதை உடல் வலியால் முன்கூட்டியே உணர்த்தும் என நம்பியிருக்க இயலாது. கிழிந்த இடத்திலிருந்து வெளியேறும் காற்று செல்லும் வழியைப் பொறுத்து அறிகுறிகள் வேறுபடும்:

- கழுத்துத் தோலின் அடியில் சேர்ந்தால், வீக்கமும் தொட்டால் நொறுநொறுக்கும் உணர்வும் குரல் மாற்றமும் தோன்றும்.
- நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியில் புகுந்தால், நுரையீரல் சுருங்கி, நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் ஏற்படும்.
- இரத்தக் குழாயில் நுழைந்தால், காற்றுக் குமிழிகள் இதயத்தின் இடப்பக்கம் வழியாக மூளையை அடைந்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இதுவே மிகக் கொடியது. மயக்கம், வலிப்பு, ஒருபக்கச் செயலிழப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை பெரும்பாலும் மேலே வந்த 10 நிமிடங்களுக்குள் தோன்றும்.

மேலேறும்போது செய்ய வேண்டியவை

- நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில், இயல்பாகச் சுவாசித்தபடி ஏறுங்கள்.
- ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில் சிறு குமிழிகளாகக் காற்றை வெளியிட்டுக்கொண்டே இருங்கள்.
- காற்று தீர்ந்து அவசரமாக ஏற நேர்ந்தால், ரெகுலேட்டரை வாயிலிருந்து அகற்றாமல், "ஆ" என்று ஒலியெழுப்பியபடி ஏறுங்கள். ஒலி எழும்வரை மூச்சுக்குழல் திறந்திருக்கும். விரியும் காற்றும் வெளியேறும்.
- ஆஸ்துமா, சளி, நெஞ்சுத் தொற்று இருப்பின் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்க வேண்டாம். சளியால் அடைபட்ட சிறு குழல்களில், இயல்பாகச் சுவாசித்தாலும் காற்று சிக்கிக்கொள்ளலாம்.

பாதிப்பு ஏற்பட்டால்

மேலே வந்தவுடன் ஒருவர் மயங்கினாலோ, மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினாலோ, அவரைச் சமமாகப் படுக்க வையுங்கள். மயங்கிய நிலையில் மூச்சு இருப்பின் பக்கவாட்டில் கிடத்துங்கள். மூச்சு நின்றிருந்தால் உடனே உயிர்ப்பு முதலுதவியைத் தொடங்குங்கள். 100 விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்து, 108 எண்ணை அழையுங்கள். மூளையை அடைந்த குமிழிகளுக்கு உயரழுத்த ஆக்சிஜன் அறையில் சிகிச்சை தேவைப்படும்; எனவே அவர் ஸ்கூபா முக்குளித்தவர் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். அறிகுறிகள் தணிந்தாலும் மீண்டும் தோன்றக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். பாதிக்கப்பட்டவரை மீண்டும் நீருக்குள் இறக்கவே கூடாது.