வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு: வங்கியின் ஆண்டறிக்கையைச் சரிபார்ப்பது எப்படி?

வீட்டுக்கடனில் கட்டிய அசலுக்கும் வருமான வரியில் கழிவு உண்டு என்று நம் மக்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் காணொளிகள் இதற்கு ஒரு காரணம். இந்தியாவின் பழைய வரிமுறையில் அசலுக்கும் வட்டிக்கும் தனித்தனிப் பிரிவுகளில் கழிவு உண்டு. அதனால் அங்குள்ள வங்கிகள் இரண்டையும் பிரித்துக் காட்டிச் சான்றிதழ் தருகின்றன. மலேசியாவில் அசலுக்குக் கழிவே கிடையாது. வட்டிக்கும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

2024 அக்டோபர் 18 அன்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் இப்போதைய சலுகை வந்தது. முதல் வீடு வாங்குவோருக்கு மட்டுமே இது உரியது. விற்பனை வாங்கல் ஒப்பந்தம் 2025 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31க்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். வீட்டின் விலை 5 லட்சம் ரிங்கிட் வரை என்றால் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரையிலும், அதற்கு மேல் 7 லட்சத்து 50 ஆயிரம் வரை என்றால் 5,000 ரிங்கிட் வரையிலும் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. 2024இல் கையெழுத்திட்டு 2025இல் சாவி வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது.

கழிவு தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அந்த மூன்றும் முதன்முதலாக வட்டி கட்டிய ஆண்டிலிருந்து எண்ணப்படும். நவம்பரில் கடன் வெளியாகி இரண்டே மாதம் வட்டி கட்டியிருந்தாலும் அது ஓர் ஆண்டாகிவிடும். ஆகவே முதல் ஆண்டுக் கணக்கில்தான் ஒவ்வொரு ரிங்கிட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டுகளில் பெரும்பாலோரின் வட்டி எப்படியும் உச்சவரம்பைத் தாண்டிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கிள்ளானில் 3 லட்சம் ரிங்கிட் விலையுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை ஒருவர் வாங்குகிறார். வங்கி 270,000 ரிங்கிட் கடனை 2025 ஆகஸ்டு 1ஆம் தேதி முழுதாக வெளியாக்குகிறது. வட்டி 3.85 விழுக்காடு, தவணைக் காலம் 35 ஆண்டு, மாதத் தவணை 1,172 ரிங்கிட். மாதக் கடைசியில் வட்டி கணக்கில் ஏறும். அன்றே தவணையும் சம்பளக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும்.

மாத வட்டியை அவரே போட்டுப் பார்க்கலாம். கடன் மீதத்தை வட்டி விகிதத்தால் பெருக்கி, 365ஆல் வகுத்து, மாதத்தின் நாள்களால் பெருக்கினால் போதும். ஆகஸ்டுக்கு 31 நாள் என்பதால் 882.86 ரிங்கிட் வரும். தவணை கட்டியபின் மீதம் 269,710.86. அதை வைத்துச் செப்டம்பருக்குக் கணக்கிட்டால் 853.47. அக்டோபருக்கு 880.88, நவம்பருக்கு 852.11, டிசம்பருக்கு 879.47. ஐந்து மாத வட்டி மொத்தம் 4,348.79 ரிங்கிட்.

நவம்பர் முதல் தேதியில் வங்கி தீக்காப்புறுதிச் சந்தாவாக 180 ரிங்கிட்டை அதே கடன் கணக்கில் ஏற்றியிருக்கிறது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மாத அறிக்கையின் பற்றுப் பகுதியில் கடன் தொகை போக மற்றதைக் கூட்டினால் 4,528.79 வரும். அது வட்டி அல்ல, காப்புறுதியும் சேர்ந்தது. வேறு சிலர் ஐந்து தவணையையும் கூட்டி 5,860 என்று வரி பாரத்தில் எழுதிவிடுகிறார்கள். அதில் அசலும் அடங்கியிருக்கிறது.

ஆண்டறிக்கையில் உள்ள வட்டித் தொகை சரியா என்பதை ஒரே கணக்கில் கண்டுபிடிக்கலாம். தொடக்க மீதத்தோடு வட்டியையும் மற்றக் கட்டணங்களையும் கூட்டி, கட்டிய பணத்தைக் கழித்தால் இறுதி மீதம் வர வேண்டும். இங்கே 270,000 கூட்டல் 4,348.79 கூட்டல் 180, கழித்தல் 5,860. விடை 268,668.79. டிசம்பர் அறிக்கையின் கடைசி வரியிலும் இதே எண் இருந்தால் வட்டித் தொகை சரி. ஐந்து மாதத்தில் குறைந்த அசல் 1,331.21 ரிங்கிட். வரி பாரத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் கணக்கு நேராகிறதா என்று பார்க்க இது வேண்டும்.

எண் பொருந்தவில்லை என்றால், வித்தியாசத் தொகை மாத அறிக்கையில் எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டும். ஒரு முழுத் தவணை அளவுக்கு வித்தியாசம் இருந்தால், டிசம்பர் தவணை ஜனவரியில் பதிவாகியிருக்கலாம். கழிவு கட்டிய வட்டிக்குத்தான் என்பதால், தவணை பாக்கி வைத்தவர்கள் ஆண்டறிக்கையில் உள்ள தொகையை அப்படியே எடுக்காமல் வங்கியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது பாதுகாப்பானது. சிறிய தொகை என்றால் பெரும்பாலும் தாமதக் கட்டணமாகவோ காப்புறுதியாகவோ இருக்கும். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்துக் கடனில் கட்டியிருந்தால் அதையும் கட்டிய பணத்தில் சேர்க்க வேண்டும். அது அசலைக் குறைக்கும், வட்டியாகாது.

ஜனவரி மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்குவதும் சரியாக வராது. 2025 ஜூலை 9ஆம் தேதி பேங்க் நெகாரா ஓபிஆர் விகிதத்தை 3.00இலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. மாறும் விகிதக் கடன்களில் அந்த ஆண்டு இரண்டு வட்டி விகிதங்கள் இருக்கும்.

இஸ்லாமிய முறைக் கடனில் வட்டி என்ற சொல் இருக்காது, லாபம் என்று இருக்கும். வரிச் சட்டம் அதையும் வட்டி போலவே கருதுகிறது. ஆனால் சில அறிக்கைகளில் 35 ஆண்டுக்கான மொத்த லாபமும் சேர்ந்த விற்பனை விலையே மீதமாகக் காட்டப்படும். அந்தப் பெரிய தொகையை விட்டுவிட்டு, மாதந்தோறும் பதிவான லாபத்தை மட்டும் கூட்ட வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 7,000 என்று கிடைக்காது. அந்த வீட்டுக்கே 7,000தான். அவரவர் கட்டிய வட்டியின் விகிதப்படி அது பிரியும். மேற்கண்ட வீட்டுக்கு 2026இல் வட்டி 10,000 ரிங்கிட்டைத் தாண்டும். இருவரும் பாதிப் பாதி கட்டினால் ஆளுக்கு 3,500க்கு மேல் கோர முடியாது.

பிரிக்பீல்ட்ஸில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவரின் கணக்கு வேறு. அவருக்கு முதல் வீட்டுச் சலுகை இல்லை. அதற்குப் பதிலாக வீடு வாடகையில் இருந்த காலத்து வட்டியை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம், 7,000 என்ற வரம்பும் கிடையாது. வீட்டு வரி, நில வரி ஆகியவற்றோடு மேலே ஒதுக்கிவைத்த தீக்காப்புறுதிச் சந்தாவும் இங்கே கழிவாகும். அசலுக்கு இங்கும் கழிவு இல்லை.

சம்பளக்காரர்கள் பிஇ பாரத்தை ஏப்ரல் 30க்குள் அனுப்ப வேண்டும். MyTax வழியாக அனுப்புவோருக்கு மே 15 வரை அவகாசம் தரப்படுவது வழக்கம். அறிக்கைகளைப் பாரத்தோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டு வருமான வரி வாரியம் கேட்டால் காட்ட, ஆண்டறிக்கை, மாத அறிக்கைகள், ஒப்பந்தத்தின் நகல் மூன்றையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.