நோயாளர் நிகழ்வுப் பலவுள் தெரிவு வினா
ஒரு நோயாளரின் நிலையைச் சுருக்கமாக விவரித்து, செவிலியர் எடுக்க வேண்டிய முடிவைச் சோதிக்கும் தேர்வு வினா. இறுதியாண்டுச் செவிலிய மாணவர்களுக்கு இதை அமைப்பதில் கடினமானது, நம்பத்தகுந்த தவறான விடைகளை ஆக்குவதே. சான்றாக, முன்சூல்வலிப்புக்காக மெக்னீசியம் சல்பேட் சொட்டு ஏறும் பெண்ணுக்கு மூச்சு நிமிடத்துக்கு 10. முழங்கால் அனிச்சை இல்லை. இரத்த அழுத்தம் 160/110. முதலில் செய்ய வேண்டியது சொட்டை நிறுத்துவது. கால்சியம் குளுக்கோனேட் சரியான முறிமருந்து, எனினும் அது அடுத்த படி. அழுத்தம் குறைக்கும் மருந்து என்ற விடை, 160/110-ஐ மட்டும் பார்த்து நச்சு அறிகுறிகளைத் தவறவிடுபவரை ஈர்க்கும். சொட்டைத் தொடர்வது, வலிப்புக்கு அஞ்சுபவரை. வினாவில் ‘முதலில்’ விடுபட்டால் இரு விடைகள் பொருந்திவிடும். தேர்வர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானோர் தேர்ந்த தவறான விடை பொதுவாகச் செயலற்றதாகக் கொள்ளப்படும்.