விலைக்கு வாங்கிய நம்பிக்கை

லை என்பவர் இங்கிலாந்தில் சரக்கு வண்டித் தொழில் நடத்தி வந்தார். அவர் திவாலானபோது அந்தத் தொழிலைக் கிரட்வெல் என்பவர் விலைக்கு வாங்கினார். கொஞ்ச காலத்தில் லை மறுபடியும் வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டார். கிரட்வெல் நீதிமன்றம் போனார். 1810-ல் எல்டன் பிரபு தந்த தீர்ப்பு அவருக்குக் கசந்தது. விற்கப்பட்ட நற்பெயர் என்பது பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வரக்கூடும் என்ற வாய்ப்பு மட்டும்தான், லையைத் தடுக்க முடியாது என்றார் நீதிபதி. காசு கொடுத்து வாங்கிய வெறும் வாய்ப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

முழு நிறுவனங்களையே நிறுவனங்கள் வாங்கத் தொடங்கியபோது இந்தக் கேள்வி பெரிதானது. 100 கோடி கொடுத்து ஒரு நிறுவனம் வாங்கப்படுகிறது; அதன் சொத்துகளைச் சந்தை மதிப்பில் கூட்டிக் கடன்களைக் கழித்தால் 70 கோடிதான் தேறுகிறது. ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் அந்தச் சொத்துகளும் கடன்களும் தாய் நிறுவனத்தினுடையவற்றோடு வரிக்கு வரி சேர்ந்தன. எதிலும் அடங்காமல் 30 கோடி மிஞ்சியது. அதற்கு நற்பெயர் என்று பெயர் வைத்துச் சொத்துப் பக்கத்தில் எழுதினார்கள். நிறுவனம் தானே சம்பாதித்த நற்பெயருக்கு அங்கே இடமில்லை. விலைக்கு வாங்கியதற்கு மட்டுமே இடம். ஆனால் எழுதியதை எத்தனை காலம் வைத்திருப்பது?

1970-ல் அமெரிக்கா ஒரு விடை சொன்னது: அதிகபட்சம் 40 ஆண்டுகளுக்குள் சிறிது சிறிதாகப் போக்கெழுத வேண்டும். ஆண்டுதோறும் லாபம் கரைவதை நிர்வாகங்கள் விரும்பவில்லை. பங்குக்குப் பங்கு மாற்றிக்கொண்டு, இரு நிறுவனங்களின் ஏட்டு மதிப்புகளையும் அப்படியே கூட்டிவிடும் இன்னொரு முறையும் விதியில் இருந்தது. அதில் நற்பெயரே பிறக்காது. 1999-ல் கணக்கியல் வாரியம் அந்த வழியை அடைக்கவும், 40-ஐ 20 ஆண்டுகளாகக் குறைக்கவும் முன்மொழிந்தது. தொழில்நுட்ப நிறுவனங்கள் கொதித்தன. நாடாளுமன்றம் வரை போனது சண்டை. வாரியம் எதிர்பாராத பக்கம் திரும்பியது.

2001 ஜூனில் புதிய விதி வந்தது. ஏட்டு மதிப்பு முறை ஒழிந்தது; ஆண்டுதோறும் போக்கெழுதுவதும் ஒழிந்தது. பதிலாக ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிழப்புச் சோதனை. வாங்கிய தொழில் பிரிவின் ஏட்டு மதிப்பு, நற்பெயரும் சேர்த்து 100 கோடி என்று வைத்தால், அந்தப் பிரிவு இனி ஈட்டப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு அதற்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு 10 கோடி என்றென்றும் வரும், தள்ளுபடி விகிதம் 10 சதவீதம் என்றால் இன்றைய மதிப்பு 100 கோடி, தேர்ச்சி. விகிதத்தை 12.5 சதவீதமாக்கினால் அதே வரவு 80 கோடி ஆகிவிடும். குறைந்த 20 கோடியும் நற்பெயரிலிருந்து வெட்டப்பட்டு, நட்டமாக லாபக் கணக்குக்குப் போகும். (அன்றைய அமெரிக்க விதியில் இரண்டாவது சுற்றுக் கணக்கு ஒன்றும் இருந்தது; 2017-ல் அது நீக்கப்பட்டது.) விகிதத்தையும் வரவையும் மதிப்பிடுவது நிர்வாகமே. கத்தி அதன் கையிலேயே இருந்ததால், வெட்டு விழாது என்றே பலர் நினைத்தார்கள்.

2001 ஜனவரியில் ஏஓஎல், டைம் வார்னரை வாங்கி முடித்திருந்தது. விலை ஏஓஎல் பங்குகளாகவே தரப்பட்டது. அந்த விலை, இணைய மோகம் உச்சத்தில் இருந்தபோது பேசி முடித்தது. ஏட்டில் 12,000 கோடி டாலருக்கும் மேல் நற்பெயர் ஏறியது. 2002-ன் முதல் காலாண்டில் புதிய சோதனையைச் செய்தபோது 5,420 கோடி டாலர் வெட்டு விழுந்தது. கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு ஆண்டு முடிவில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது.

கடைசிக் காலாண்டில் மேலும் 4,550 கோடி. அதில் பெரும்பங்கு, வாங்கிய நிறுவனமான ஏஓஎல் பிரிவின் மீதே விழுந்தது. இணைப்பால் எந்தப் பிரிவு பலன் பெறுமோ அதன் தலையில்தான் நற்பெயர் எழுதப்படும் என்பதே காரணம். 2002-ன் நிகர நட்டம் ஏறத்தாழ 9,870 கோடி டாலர். இந்த வெட்டுகளால் கல்லாவிலிருந்து ஒரு டாலர்கூட வெளியே போகவில்லை. பங்கு விலையோ அதற்கு வெகு முன்பே சரிந்திருந்தது.

2004-ல் சர்வதேச விதிகளும் இதே வழிக்கு வந்தன. ஓர் ஓட்டை மட்டும் அடைபடவில்லை: நலிந்த தொழிலை நன்றாக ஓடும் பிரிவோடு சேர்த்துவிட்டால், அந்தப் பிரிவின் உபரி மதிப்பு நற்பெயரின் சரிவை மறைத்துவிடும். வெட்டிய நற்பெயரைப் பின்னால் திரும்ப எழுத அனுமதியும் இல்லை. மதிப்பிழப்பு அறிவிப்பு என்பது வரப்போகும் ஆபத்துக்கு எச்சரிக்கை அல்ல. என்றோ கொடுத்த விலை அதிகம் என்று ஒப்புக்கொள்ளும் தாமதமான வாக்குமூலம்.